அலமாரியில் இருப்பதெல்லாம் உங்கள் சரக்கா?

கும்பகோணத்தில் ஒரு நடுத்தரப் பட்டுச் சேலைக் கடையை எடுத்துக்கொள்வோம். கீழே விற்பனை; மாடியில் இரண்டு தையல் மிஷின்களோடு பிளவுஸ் தைக்கிறார்கள், ஃபால்ஸ் அடிக்கிறார்கள், முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறார்கள். கடை கற்பனைதான். ஆனால் இதுபோன்ற கடை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

அந்தக் கடைக்குள் இருக்கும் சேலைகளுக்குக் குறைந்தது மூன்று சொந்தக்காரர்கள் உண்டு. கடைக்காரர் பில் போட்டு வாங்கி அடுக்கியவை ஒரு வகை. திருபுவனம் தறிக்காரர்கள் "வித்துட்டுப் பணம் கொடுங்க" என்று விட்டுப்போனவை இரண்டாவது வகை. வாடிக்கையாளர்கள் குஞ்சம் கட்டவும் ஃபால்ஸ் அடிக்கவும் கொடுத்துவிட்டுப் போனவை மூன்றாவது வகை. முதல் இரண்டும் ஒரே அலமாரியில் கலந்தே இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் கடைச் சரக்குதான். தீயும் அப்படித்தான் பார்க்கும். காப்பீட்டு நிறுவனம் மட்டும் பிரித்துப் பார்க்கும்.

பெரும்பாலான கடைக்காரர்கள் வருடா வருடம் தீ காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டிவிட்டு, கடைக்குள் இருப்பது அனைத்துக்கும் காப்பு இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாலிசித் தாளில் 'ஸ்டாக்' என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் இருக்கும். அந்த 'ஸ்டாக்' என்ற சொல்லுக்குள் அடுத்தவர் சரக்கு வருமா என்பதை யாரும் கேட்பதில்லை. கேள்வி எழுவது சர்வேயர் வந்து கருகிய அலமாரி முன் நிற்கும்போதுதான்.

'ஸ்டாக்' என்றால் யாருடையது?

ஒரு பொருள் அழிந்தால் யாருக்குப் பண நஷ்டமோ அவர்தான் அதற்குக் காப்பீடு எடுக்க முடியும். பொருளின் சொந்தக்காரருக்கு அந்த உரிமை தானாகவே உண்டு. அடுத்தவர் பொருளை வைத்திருப்பவருக்கும் ஓரளவு உண்டு. அது தொலைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும், கூலியும் வராமல் போகும். ஆகவே தறிக்காரர் சேலைக்கும் வாடிக்கையாளர் சேலைக்கும் கடைக்காரர் காப்பீடு எடுக்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. எடுத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

'ஸ்டாக்' என்று மட்டும் எழுதிய பாலிசியை நிறுவனங்கள் பொதுவாகக் கடைக்காரரின் சொந்த இருப்பு என்றே படிக்கும். பல பாலிசிகள், குறிப்பாகத் திருட்டுக்கானவை, ஒரு படி மேலே போய் விலக்குப் பட்டியலிலேயே இதைச் சொல்லிவிடுகின்றன: நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளோ, கமிஷனுக்கு விற்க வைத்திருக்கும் பொருளோ, தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழியச் சேராது. பாலிசி ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் தேட வேண்டிய சொற்றொடரை அப்படியே சொல்லிவிடுகிறேன்: 'ஹெல்ட் இன் டிரஸ்ட் ஆர் ஆன் கமிஷன்'. இது விலக்குப் பட்டியலில் இருக்கிறதா, அல்லது ஷெட்யூலில் ஸ்டாக் என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விலக்கில் இருந்து ஷெட்யூலில் இல்லையென்றால் அடுத்தவர் சரக்குக்குக் காப்பு இல்லை. இரண்டு இடத்திலும் இல்லையென்றால், அது வழக்குக்கு வழி, நம்பிக்கைக்கு இடமில்லை.

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல், ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருக்கும் கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தருகின்றன. தீ, வெள்ளம், புயல், கலவரம் போன்றவை அதில் அடங்கும். பாலிசியின் வாசகம் பொதுவானது என்றாலும், எந்தச் சரக்கு, எந்த முகவரியில், எவ்வளவு தொகைக்கு என்பதைச் சொல்வது ஷெட்யூல்தான். அதை நிரப்புவது நீங்கள் கொடுக்கும் விவரம். விண்ணப்பத்தில் தறிக்காரர் சேலையைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால் ஷெட்யூலும் வாய் திறக்காது.

யாருக்குச் சொந்தம் என்பதே தகராறாகும்போது

சொந்தச் சரக்கு எது என்பதில் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கமான தவறு உண்டு. பணம் கொடுத்ததை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தறிக்காரர் பில் போட்டுக் கடனுக்கு விற்றுவிட்டார், மூன்று மாதத்தில் பணம் தருவதாகப் பேச்சு என்றால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காவிட்டாலும் அந்தச் சேலை பொதுவாகக் கடைக்காரருடையது. அது எரிந்தாலும் தறிக்காரருக்குப் பணம் பாக்கிதான். அதைச் சொந்த ஸ்டாக்கில் சேர்த்தே காப்பீட்டுத் தொகை நிர்ணயிக்க வேண்டும்.

'வித்தால் பணம், விக்காவிட்டால் திருப்பித் தருவேன்' என்ற ஏற்பாடு வேறு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 24ஆம் பிரிவில் இதைத் தொடுகிறது. கடைக்காரர் அந்தச் சேலையை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும்வரையோ, விற்பது போல அதைத் தன்னுடையதாக நடத்தும்வரையோ அது தறிக்காரருடையது. ஆனால் திருப்பித் தர ஒரு கெடு பேசியிருந்து, அந்தக் கெடு தாண்டியும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தால், சேலை கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடும். கெடுவே பேசவில்லை என்றால் 'நியாயமான காலம்' கடந்ததும் அதே நிலைதான்.

ஆடித் தள்ளுபடிக்கு வந்த சேலை தை மாதம்வரை அலமாரியில் தூங்கினால் என்ன ஆகும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். தீ விபத்துக்குப் பிறகு தறிக்காரர், "ஆறு மாசமா வச்சிருந்தீங்களே முதலாளி, அது உங்க சேலை. பணத்தை எடுங்க" என்பார். காப்பீட்டு நிறுவனம், "அது கன்சைன்மென்ட் சரக்கு, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்னும். கடைக்காரர் நடுவில் நிற்பார். கமிஷன் ஏஜென்ட்டாக மட்டும் விற்றுக் கொடுக்கும் ஏற்பாடு இன்னொரு வகை. அதில் வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை சேலை தறிக்காரருடையதுதான். நடப்பது இவற்றில் எது என்பது இரண்டு வரித் தாளில் எழுதப்பட்டிருந்தால் பாதித் தகராறு எழாது.

விற்றும் எடுத்துப் போகாத சேலை இன்னொரு கண்ணி. முகூர்த்தத்துக்கு முழுப் பணம் கட்டி எடுத்த சேலையை, "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்" என்று விட்டுப் போகிறார் ஒருவர். கடைக் கணக்கில் அது விற்பனை, ஸ்டாக்கிலிருந்து கழிந்துவிட்டது. கடைக்குள்தான் இருக்கிறது. அது இனி வாடிக்கையாளர் சொத்து. கல்யாண மாதங்களில் இப்படிக் காத்திருக்கும் சேலைகளின் மதிப்பே சில லட்சங்களைத் தொடும்.

எரிந்தால் யார் பொறுப்பு?

அடுத்தவர் பொருளைக் கைக்கொண்டவரின் கடமையை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. 148ஆம் பிரிவு இந்த உறவு இன்னது என்கிறது. 151ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்திருப்பாரோ அவ்வளவு கவனத்தோடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவு கவனம் காட்டியிருந்தால், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில், பொருள் அழிந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 152ஆம் பிரிவு. ஆனால் கவனமாக இருந்தேன் என்பதை நிரூபிக்க வேண்டியது பொருளை வைத்திருந்தவரின் வேலை. பொருள் எப்படி அழிந்தது என்பது அவருக்குத்தானே தெரியும்?

இரண்டு தீயை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, மாடியில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் பூட்டிவிட்டுப் போனதால் பிடித்தது. கடைக்காரர் பொறுப்பு என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவது, பக்கத்துப் பட்டாசுக் கடையில் பிடித்துச் சுவர் தாண்டி வந்தது. இவர் தரப்பில் ஒயரிங் சரி, தீயணைப்பான் இருந்தது, பூட்டியது சரி என்றால், வாடிக்கையாளர் சேலைக்கு இவர் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொள்வாரா என்பது வேறு விஷயம். "உங்களை நம்பித்தானே கொடுத்தேன்" என்ற பேச்சுக்குச் சட்டப்பிரிவு பதிலாகாது. அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். போனால் கவனமாக இருந்ததற்கான ஆதாரங்களோடு கடைக்காரர் அங்கே நிற்க வேண்டும்.

'பொருட்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்று ஒரு பலகை மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. வாடிக்கையாளர் அந்த நிபந்தனையை அறிந்து ஒப்புக்கொண்டார் என்பதற்குச் சான்று இல்லாத பலகை, அலட்சியத்தால் பிடித்த தீயிலிருந்து கடைக்காரரைக் காப்பாற்றும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு சொல் செய்யும் வேலை

காப்பு வேண்டும் என்று கேட்டு 'ஹெல்ட் இன் டிரஸ்ட்' என்ற வாசகத்தைச் சேர்த்தாயிற்று. இங்கேதான் இன்னொரு சின்னச் சொற்றொடர் குறுக்கே வரும்: 'ஃபார் விச் தி இன்ஷூர்ட் இஸ் ரெஸ்பான்சிபிள்'. 'காப்பீடு எடுத்தவர் பொறுப்பாளியாக இருக்கும் பொருட்கள்' என்று அர்த்தம். இது இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம் என்பதை இங்கிலாந்தின் இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. அங்கிருந்து வந்த வாசகங்கள்தான் நம் பாலிசிகளிலும் இருக்கின்றன என்பதால் அவை நமக்கும் உதவும்.

முதல் வழக்கு 1856இல். தானியம், மாவு முதலியவற்றைக் கிடங்கில் வைத்திருந்தவர்கள், 'எங்கள் சொத்தும், நாங்கள் நம்பிக்கையின் பேரிலோ கமிஷனுக்கோ வைத்திருப்பதும்' என்று மோனார்க் என்ற காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி எடுத்திருந்தார்கள். கிடங்கு எரிந்தது. சரக்கை வைத்திருந்தவர்களுக்கு அதன் மேல் இருக்கும் பாத்தியதை வாடகை, கூலி பாக்கி அளவுதான், அதை மட்டும் தருகிறோம் என்றது நிறுவனம். லார்ட் கேம்ப்பெல் தலைமையிலான நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. வாசகம் முழுச் சரக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறது; ஆகவே முழு மதிப்பையும் கொடு, தங்களுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அவர்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கட்டும் என்றது.

இரண்டாவது 2004இல், ராம்கோ என்ற நிறுவனத்தின் வழக்கு. அங்கே பாலிசியில் 'பொறுப்பாளியாக இருக்கும்' என்ற சொல் சேர்ந்திருந்தது. அந்தச் சொல் இருப்பதால், சட்டப்படி அவர்கள் பதில் சொல்ல வேண்டிய சரக்குக்கு மட்டுமே காப்பு என்று தீர்ப்பாயிற்று.

நம் கும்பகோணம் கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 'பொறுப்பாளி' என்ற சொல் இருந்தால், இஸ்திரிப் பெட்டித் தீக்கு வாடிக்கையாளர் சேலைக்குப் பணம் வரும். பட்டாசுக் கடைத் தீக்கு வராமல் போகலாம். கடைக்காரர் தன் மடியிலிருந்து கொடுக்கவும் கட்டாயமில்லை. ஆனால் இருபது வருட வாடிக்கையாளரை இழப்பார். வாடிக்கையாளர் பணத்தோடு திரும்பிப் போக வேண்டும் என்று விரும்புகிற கடைக்காரர், அந்தச் சொல் இல்லாத வாசகத்தைக் கேட்க வேண்டும். தறிக்காரர் சரக்குக்கு இன்னொரு வழியும் உண்டு. 'கடைக்குள் இருக்கும்வரை நஷ்டம் கடையைச் சேர்ந்தது' என்று இருவரும் எழுதிக்கொண்டால் கடைக்காரர் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். அந்தத் தாளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

வார்த்தை சேர்ந்தது, தொகை சேரவில்லை

விவரம் தெரிந்த கடைக்காரர்களும் தடுக்கி விழும் இடம் இதுதான். கணக்காகவே போட்டுப் பார்த்துவிடுவோம்.

நம் கடையில் சொந்தச் சரக்கு 20 லட்சம், தறிக்காரர்கள் சரக்கு 8 லட்சம், வாடிக்கையாளர்கள் சேலை 2 லட்சம். ஆக மொத்தம் 30 லட்சம். ஸ்டாக்குக்கான காப்பீட்டுத் தொகை 20 லட்சம். இஸ்திரிப் பெட்டித் தீயில் சொந்தச் சரக்கில் 6 லட்சம், தறிக்காரர்கள் சரக்கில் 4 லட்சம், வாடிக்கையாளர்கள் சேலையில் 1 லட்சம் என்று 11 லட்சத்துக்குப் பொருள் போயிற்று. கடைக்காரர் தாமே ஏற்க வேண்டிய சிறு கழிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவோம்.

முதல் நிலை: பாலிசியில் 'ஸ்டாக்' மட்டும். சொந்தச் சரக்கு 20 லட்சம், காப்பீடும் 20 லட்சம். எரிந்த 6 லட்சமும் முழுதாக வரும். மற்ற 5 லட்சத்துக்கு ஒன்றும் வராது. தீ அவர் அலட்சியத்தால் என்பதால் அதைத் தன் பணத்திலிருந்தே தர வேண்டும்.

இரண்டாவது நிலை: போன வருடம் ஏஜென்ட்டிடம் சொல்லி 'ஹெல்ட் இன் டிரஸ்ட்' வாசகத்தை அதே ஸ்டாக் வரியில் சேர்த்துக்கொண்டார். தொகையை 20 லட்சத்திலிருந்து ஏற்றவில்லை. பிரீமியம் கூடவில்லை என்று மகிழ்ந்தார். இப்போது காப்புக்குள் வரும் சரக்கின் மதிப்பு 30 லட்சம். காப்பீடு 20 லட்சம்தான். மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறீர்கள், மீதிப் பங்கு உங்களுடையது என்று நிறுவனம் சொல்லும். இதை 'ஆவரேஜ்' விதி என்பார்கள். எரிந்தது மொத்தக் காப்பீட்டுத் தொகைக்குக் குறைவாகவே இருந்தாலும் இந்தக் கழிவு விழும். 11 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 7.33 லட்சம்தான் வரும். அதில் சொந்தச் சரக்குக்கான பங்கு 4 லட்சம், தறிக்காரர்களுடையது 2.67 லட்சம், வாடிக்கையாளர்களுடையது 67,000 ரூபாய் அளவில்.

சொந்தச் சரக்குக்கு முன்பு முழுதாக 6 லட்சம் வந்திருக்கும். இப்போது 4 லட்சம். மொத்தமாகப் பார்த்தால் இந்தத் தீயில் அவருக்குப் பழைய நிலையைவிட இது லாபமே, ஏனென்றால் மற்றவர்களுக்குத் தர வேண்டிய 5 லட்சத்தில் 3.33 லட்சம் கிடைத்துவிட்டது. ஆனால் பட்டாசுக் கடைத் தீயாக இருந்து, பாலிசியில் 'பொறுப்பாளி' என்ற சொல்லும் இல்லாதிருந்தால்? அடுத்தவர் சேலைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் 3.33 லட்சம் அவர்கள் கைக்குப் போகும்; அவருடைய சொந்த இழப்பில் மட்டும் 2 லட்சம் குறையும்.

சூக்ஷ்ம பாலிசியில் ஒரு சலுகை உண்டு. குறைகாப்பு 15 சதவீதத்துக்குள் இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் முழுதும் தருவார்கள். நம் கடையின் குறைவு 33 சதவீதம் என்பதால் அந்தச் சலுகை எட்டாது. தொகை 26 லட்சமாக இருந்திருந்தால் எட்டியிருக்கும்.

மூன்றாவது நிலை: ஷெட்யூலில் மூன்று தனி வரிகள். சொந்தச் சரக்கு 20 லட்சம். கமிஷனுக்கு வைத்திருப்பது 8 லட்சம். வாடிக்கையாளர் சொத்து 2 லட்சம். 11 லட்சமும் முழுதாக வரும். இதில் கூடுதல் செலவு 10 லட்சத்துக்கான பிரீமியம் மட்டும். தனி வரிகள் என்பதால் ஒன்றில் நேரும் குறைவு மற்றொன்றைக் கடிக்காது. தீபாவளிக்கு முன்பு தறிக்காரர் சரக்கு 8 லட்சத்திலிருந்து 15 லட்சமாகப் பெருகியும் ஏற்றாமல் விட்டீர்கள் என்றால், அடி அந்த வரியோடு நின்றுவிடும். சொந்தச் சரக்கின் 20 லட்சம் தப்பிக்கும். சீசனுக்கு முன் ஒரு கடிதம் கொடுத்து அந்த வரியின் தொகையை உயர்த்திக்கொள்ளவும் முடியும். அதற்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர்.

தறிக்காரர் சரக்கின் மதிப்பை, அவர் கடையிடம் கேட்கும் விலையில் போட வேண்டும். கடை ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் கடையின் லாபமும் சேர்ந்திருக்கிறது. சரக்குக் காப்பீடு வராத லாபத்தைத் தராது. வாடிக்கையாளர் சேலைக்கு இன்றைய நிலையில் என்ன விலை பெறுமோ அதுதான். அம்மாவின் கூறைப்புடவை என்ற மதிப்பை எந்தப் பாலிசியும் அளக்காது.

பணம் வங்கிக்குப் போனால்

கடையின் ஸ்டாக்கை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கியிருந்தால் காப்பீடு எடுப்பதில் வங்கியும் தலையிடும். பல கடைகளில் பாலிசியைப் புதுப்பிப்பதே வங்கிதான். மாதாமாதம் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் கடைக்காரர் சொந்தச் சரக்கை மட்டும்தான் காட்ட வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் சேலையை அடகு வைக்க முடியாது. வங்கி அந்தக் கணக்கைப் பார்த்தே காப்பீட்டுத் தொகை போடும். ஆக, வங்கி எடுத்த பாலிசியில் தறிக்காரர் சரக்கு இடம்பெறாமல் போவது இயல்பான விளைவு. அதில் யாருடைய தவறும் இல்லை. ஆனால் அதைக் கவனிக்க வேண்டிய ஒரே ஆள் கடைக்காரர்.

வங்கிக் கடன் உள்ள பாலிசிகளில் 'அக்ரீட் பேங்க் கிளாஸ்' என்று ஒரு விதி இருக்கும். அதன்படி பாலிசியின் கீழ் வரும் பணம் வங்கிக்குத்தான் போகும். அடுத்தவர் சரக்கும் அதே பாலிசியில் இருந்தால் தறிக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் சேர வேண்டிய பணமும் கடன் கணக்கில் வரவாகிவிடும் ஆபத்து உண்டு. அது உண்மையில் கடைக்காரரின் பணமில்லை, சொந்தக்காரர்களுக்காக வாங்கியது. வங்கியிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ஆகவே கடன் உள்ள கடைகளுக்கு, அடுத்தவர் சரக்குக்கு வங்கியின் பெயர் சேராத தனிப் பாலிசி எடுப்பது சுத்தமான வழி.

சர்வேயர் கேட்கும் தாள்கள்

எரிந்து சாம்பலானதை எண்ண முடியாது. தாள்தான் எண்ணும். சொந்தச் சரக்குக்குக் கொள்முதல் பில்லும் ஜி.எஸ்.டி. கணக்கும் இருக்கும். தறிக்காரர் சேலை பல கடைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் '12 சேலை, முருகன் தறி' என்ற வரியாகவே இருக்கும். எத்தனை வந்தது, எத்தனை விற்றது, மீதி எத்தனை, ஒன்றுக்கு விலை என்ன என்று அதில் தெரியாது. சரக்கு வரும்போது தேதியும் விலையும் உள்ள டெலிவரி சலான், விற்கும்போது அதிலிருந்து கழிக்கும் பதிவு, மாதம் ஒருமுறை இருவரும் கையெழுத்துப் போடும் மீதிப் பட்டியல், இந்த மூன்றும் இருந்தால் சர்வேயரின் வேலை சுலபம். விற்றுத் திருப்பும் ஏற்பாட்டில், பதிவு பெற்ற வியாபாரி அனுப்பிய சரக்குக்கு ஆறு மாதத்துக்குள் விலைப்பட்டியல் போட்டாக வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டமும் சொல்கிறது. ஆறு மாதம் தாண்டிய சேலையைத் தேடி எடுக்க அது ஒரு நல்ல காரணம்.

மாடியில் கொடுக்கும் சேலைக்குத் தரும் ரசீதில் பெரும்பாலும் கூலியும் தேதியும் மட்டும் இருக்கும். 'மெரூன் பட்டு, அரக்கு பார்டர், மதிப்பு 18,000' என்று ஒரு வரி கூட்டினால் போதும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வாடிக்கையாளர் எண்ணுக்கே அனுப்பிவிட்டால் இன்னும் உறுதி. அந்தப் படம் கடையோடு எரியாது. கணக்கு முழுதும் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருந்து அதுவும் எரிந்துபோனால் ஆதாரமும் போயிற்று. இரவில் ஒரு நகல் வீட்டுக்குப் போக வேண்டும்.

திருட்டுக்கான காப்பு தனி. சூக்ஷ்ம பாலிசியில் திருட்டு வருவது, தீ அல்லது வெள்ளம் போன்றவற்றால் நேர்ந்து, ஏழு நாளுக்குள் நடந்தால் மட்டும். பூட்டை உடைத்து நடக்கும் திருட்டுக்குத் தனியாக எடுக்க வேண்டும். அந்தப் பாலிசியிலும் 'ஹெல்ட் இன் டிரஸ்ட்' வாசகத்தை மறுபடியும் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஒன்றில் சேர்த்தது மற்றொன்றுக்குத் தானாக வராது.

ஏஜென்ட்டிடம் வாயால் கேட்ட கேள்விக்கு அவர், "அதெல்லாம் கவர் ஆயிடும் சார்" என்று சொன்ன பதிலைச் சர்வேயர் எழுதிக்கொள்ள மாட்டார். நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் கடையில் இன்ன மதிப்புக்குத் தறிக்காரர்கள் சரக்கும் இன்ன மதிப்புக்கு வாடிக்கையாளர் சேலைகளும் இருக்கின்றன; எனக்குச் சட்டப் பொறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவற்றுக்குக் காப்பு வேண்டும்; தனித்தனித் தொகையாக ஷெட்யூலில் காட்டுங்கள் என்று கேளுங்கள். முழுதாகக் கிடைக்காமலும் போகலாம். பொறுப்பு உள்ளதற்கு மட்டும்தான் என்று சொல்வார்கள், அல்லது ஒரு சேலைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைப்பார்கள். அப்படியென்றால் எது காப்பில் இல்லை என்பது கையில் எழுத்தாக இருக்கும். அதைத் தறிக்காரரிடம் காட்டி, கும்பகோணத்தில் இருக்கும் தன் சரக்கைத் தன் பாலிசியிலேயே இந்த முகவரியோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். நாற்பதாயிரம் ரூபாய்ச் சேலையைக் குஞ்சத்துக்குக் கொடுக்க வருபவரிடமும், வேலை முடிந்த அன்றே வந்து வாங்கிக்கொள்ளும்படி கேட்கலாம்.